இணைப்பு ஊகமா, விரிவு ஊகமா? மலையில் வாசிப்புச் சோதனை நடத்தப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் உளவியலோ மொழியியலோ படித்துக்கொண்டு, "வாசிப்பில் ஊகம்" என்று ஆய்வுத் தலைப்பு எடுத்துவிட்டு, இனி எங்கே தொடங்குவது என்று முழித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் முழித்தேன். கட்டுரைகள் கிடைக்கின்றன, ஆனால் தமிழில் வாக்கியம் எழுதுவது எப்படி, எந்தக் கடிதம் முதலில் வேண்டும், எத்தனை பேரை உட்கார வைக்க வேண்டும் என்பதை ஒரே இடத்தில் யாரும் சொல்வதில்லை. ஒரே ஒரு எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

1. முதலில் வித்தியாசத்தைத் தாளில் எழுதிப் பாருங்கள்

இந்த இரண்டு வாக்கியங்களைப் படியுங்கள்.

"முந்தின நாள் இரவு கடும் உறைபனி விழுந்தது. விடிந்ததும் மல்லிகா தன் தேயிலைத் தோட்டத்தைப் போய்ப் பார்த்தாள்."

மூன்றாவது வாக்கியம் இப்படி வந்தால்: "அன்றைக்கே நஷ்டஈடு கேட்டு மனு எழுதினாள்." எதற்கு நஷ்டஈடு? இலை கருகிவிட்டது என்று வாசிப்பவர் தானே நிரப்பிக்கொண்டால்தான் இந்த மூன்று வாக்கியமும் ஒட்டும். நிரப்பாவிட்டால் கதை அங்கேயே அறுந்துவிடும். இது இணைப்பு ஊகம். பின்னால் வந்த வாக்கியத்தை முன்னால் போனதோடு கட்டுவதற்காக, வேறு வழியில்லாமல் செய்வது.

அதே இடத்தில் இப்படி வந்தால்: "அன்றைக்கே கம்பளி வாங்கக் கடைக்குப் போனாள்." இப்போதும் இலை கருகியிருக்கலாம், நம் ஊர்க்காரர் யாரும் அப்படித்தான் நினைப்பார். ஆனால் நினைக்காவிட்டாலும் குறையொன்றும் இல்லை. குளிர், கம்பளி, கடை என்று கதை ஓடிவிடும். இங்கே "கருகியது" என்று ஒருவர் மனத்தில் சேர்த்துக்கொண்டால் அது விரிவு ஊகம்.

கவனியுங்கள், இரண்டிலும் ஊகத்தின் உள்ளடக்கம் ஒன்றுதான். "கருகியது இணைப்பு ஊகமா, விரிவு ஊகமா" என்று தனியாகக் கேட்டால் பதில் கிடையாது. பின்னால் வரும் வாக்கியம் அதைக் கேட்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள்: இணைப்பு ஊகத்துக்கு ஒரு கதை, விரிவு ஊகத்துக்கு முற்றிலும் வேறொரு கதை என்று எழுதி இரண்டையும் ஒப்பிடுவார்கள். அப்புறம் கிடைக்கும் வித்தியாசம் ஊகத்தால் வந்ததா, கதையால் வந்ததா என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

2. ஒரு கதைக்கு நான்கு வடிவம் எழுதுங்கள்

1980இல் மர்ரே சிங்கர் செய்த சோதனைதான் இதற்கு நல்ல அச்சு. அவர் ஒரே செய்தியை மூன்று விதமாக வைத்தார்: பல்லைப் பிடுங்கியவர் பல் மருத்துவர் என்று நேரடியாகச் சொன்ன வடிவம், அடுத்த வாக்கியம் பல் மருத்துவரைப் பற்றியே பேசுவதால் இணைத்தே ஆக வேண்டிய வடிவம், மருத்துவர் பேச்சே வராமல் நோயாளியைப் பற்றிப் போகும் வடிவம். பிறகு "பல் மருத்துவர் பல்லைப் பிடுங்கினார், சரியா தவறா" என்று கேட்டு நேரம் அளந்தார். நேரடி வடிவத்துக்கும் இணைப்பு வடிவத்துக்கும் பதில் வந்த நேரம் ஏறக்குறைய ஒன்று. விரிவு வடிவத்தில் மட்டும் தெளிவாகத் தாமதம். அதாவது இணைப்பு ஊகம் வாசிக்கும்போதே முடிந்துவிட்டது, விரிவு ஊகத்தைக் கேள்வி வந்த பிறகுதான் பலர் செய்தார்கள்.

நம் கதைக்கு மேலே சொன்ன இரண்டு வடிவங்களோடு இன்னும் இரண்டு வேண்டும்.

நேரடி வடிவம்: "முந்தின நாள் இரவு கடும் உறைபனி விழுந்து தேயிலை கருகியது. விடிந்ததும் மல்லிகா தன் தோட்டத்தைப் போய்ப் பார்த்தாள். அன்றைக்கே கம்பளி வாங்கக் கடைக்குப் போனாள்."

கட்டுப்பாட்டு வடிவம்: "உறைபனிக் காலம் முடிந்து இரவில் குளிர் குறைந்திருந்தது. விடிந்ததும் மல்லிகா தன் தேயிலைத் தோட்டத்து வேலியை யானை சாய்த்திருப்பதைப் பார்த்தாள். அன்றைக்கே நஷ்டஈடு கேட்டு மனு எழுதினாள்."

நான்காவதை வீண் வேலை என்று தள்ளிவிடாதீர்கள். உறைபனி, தேயிலை, நஷ்டஈடு என்ற சொற்களைப் பார்த்தாலே "கருகல்" நம்மூர்க்காரர் மனத்தில் லேசாகத் தட்டும். அது சொல்லுக்குச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கும் பழக்கம், ஊகம் இல்லை. அதே சொற்கள் எல்லாம் இருந்தும் எதுவும் கருகாத ஒரு கதையை வைத்தால்தான் அந்தப் பழக்கத்தின் பங்கைக் கழிக்க முடியும். மெக்கூனும் ராட்கிளிஃபும் 1986இல் இதைத்தான் செய்தார்கள். படப்பிடிப்பில் நடிகை 14ஆவது மாடியிலிருந்து விழுகிறாள், அதைப் படித்தவர் "இறந்தாள்" என்று ஊகிக்கிறாரா என்பது கேள்வி. கட்டுப்பாட்டு வாக்கியத்தில் அதே நடிகை, அதே மாடி, அதே வினைச்சொல் எல்லாம் உண்டு, விழுந்து சாவதற்கு மட்டும் இடமில்லை.

கறாரான வழிகாட்டியாக இருந்தால் கம்பளி முடிவோடு இன்னொரு கட்டுப்பாட்டு வடிவமும் எழுதச் சொல்வார். ஐந்து வடிவமானால் ஆள் எண்ணிக்கையும் ஏறும். அதை முன்பே பேசி முடித்துவிடுங்கள், தரவு எடுத்த பிறகு இந்தச் சண்டை வேண்டாம்.

3. தமிழில் எழுதும்போது வரும் கண்ணிகள்

ஆங்கிலச் சோதனை வாக்கியங்களை மொழிபெயர்த்துப் போட்டுவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: வேண்டாம். இந்தத் துறையில் எல்லோரும் காட்டுவது 1974இல் ஹாவிலண்டும் கிளார்க்கும் செய்த சோதனை. சுற்றுலாவுக்கு எடுத்துவந்த சாமான்களைப் பார்த்தோம் என்று ஒரு வாக்கியம், பீர் சூடாக இருந்தது என்று அடுத்தது. முதல் வாக்கியத்திலேயே பீர் வந்திருந்தால் இரண்டாவது வேகமாகப் படிக்கப்படுகிறது, வராவிட்டால் சுமார் 0.2 செகண்ட் கூடுதலாகிறது. ஆங்கிலத்தில் பீருக்கு முன்னால் ஒரு சுட்டு இடைச்சொல் நிற்கிறது, "இது உனக்கு ஏற்கெனவே தெரிந்த பீர், தேடிப் பார்" என்று அது வாசிப்பவரைத் தள்ளுகிறது. தமிழில் "பீர் சூடாக இருந்தது" என்றால் அந்தத் தள்ளல் இல்லை. "அந்தப் பீர்" என்றால் அளவுக்கு மீறித் தள்ளுகிறது.

தமிழில் அந்த வேலையைப் பாதி செய்வது இரண்டாம் வேற்றுமை உருபு. "கம்பளி வாங்கப் போனாள்" என்றால் ஏதோ ஒரு கம்பளி. "கம்பளியை வாங்கப் போனாள்" என்றால் எந்தக் கம்பளி என்று வாசிப்பவர் பின்னால் திரும்பிப் பார்ப்பார். விரிவு வடிவம் என்று நினைத்து எழுதிய வாக்கியத்துக்குள் தெரியாமல் ஒரு இணைப்பு ஊகம் புகுந்துவிடும், அது உங்கள் நேரத்தைக் கூட்டும். ஆகவே கடைசி வாக்கியங்களில் அஃறிணைப் பெயர்களில் 'ஐ' உருபு எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.

எழுவாயை விட்டுவிடுவதும் இப்படித்தான். "மனு எழுதினாள்" என்றால் யார் எழுதியது என்று தேட வேண்டும், "மல்லிகா மனு எழுதினாள்" என்றால் வேண்டாம். எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், எல்லா வடிவத்திலும் ஒரே மாதிரி இருந்தால் போதும். கதையில் இரண்டு பெண்கள் வந்து, வினை மட்டும் "-ஆள்" என்று முடிந்தால் அந்தக் கதையை ஓரமாக வைத்துவிடுங்கள்.

4. சோதனைக்கு முன் சோதனை: இந்த ஊகம் இவர்களுக்கு வருமா?

உறைபனி விழுந்தால் தேயிலைக் கொழுந்து தீய்ந்த மாதிரி கருகிவிடும் என்று குன்னூரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மேட்டுப்பாளையம் தாண்டி இறங்கினால் அது பொது அறிவு இல்லை, பனி என்றால் அங்கே வேறு படம்தான் மனத்தில் வரும். இந்த ஒரு கதையைக் கோயம்புத்தூர் மாணவர்களிடம் கொடுத்து "விரிவு ஊகம் நடக்கவில்லை" என்று முடிவு எழுதினால், நீங்கள் அளந்தது ஊகத்தை அல்ல, உறைபனி பற்றிய அறிவை.

அதனால் உண்மைச் சோதனையில் உட்காரப் போகாத, ஆனால் அதே ஊர், அதே வயது ஆட்கள் இருபது முப்பது பேரிடம் முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் தாளில் கொடுத்து "தேயிலைக்கு என்ன ஆகியிருக்கும்" என்று எழுதச் சொல்லுங்கள். பத்தில் எட்டுப் பேராவது கருகியது, தீய்ந்தது, வாடிப்போச்சு என்ற பொருளில் எழுதினால் அந்தக் கதையை வைத்துக்கொள்ளலாம். எட்டு என்பது வேதவாக்கு இல்லை, நான் வைத்த கோடு. எந்தக் கோடு வைத்தாலும் முடிவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். பெரும்பாலானோர் எந்தச் சொல்லை எழுதுகிறார்களோ அதையே சோதனைச் சொல்லாக எடுப்பது நல்லது, அகராதிச் சொல்லைத் தேடிப் போக வேண்டாம்.

இன்னொரு தாளில் முழுக் கதைகளையும் கொடுத்து, கருகியிருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒன்றிலிருந்து ஏழுக்குள் மதிப்பெண் போடச் சொல்லுங்கள். இணைப்பு வடிவத்துக்கு ஏழும் விரிவு வடிவத்துக்கு மூன்றும் வந்தால் அந்தக் கதை பிரயோஜனப்படாது. நிதானமாக யோசித்தால் இரண்டிலும் அந்த ஊகம் ஏறக்குறைய ஒரே அளவு நம்பக்கூடியதாக இருக்க வேண்டும். வாசிக்கும் அந்த நொடியில் நடக்கிறதா என்பதில் மட்டும்தான் இரண்டும் பிரிய வேண்டும்.

இந்தக் கட்டத்தில் கதைகள் நிறைய விழும். நாற்பது கதை வேண்டுமென்றால் அறுபது கதையாவது எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

நீலகிரியில் இன்னொரு விஷயம், மொழி. வகுப்பில் தமிழில் எழுதுகிற மாணவர் வீட்டில் படுகு பேசுவார், கூடலூர் பக்கம் மலையாளம் பேசுவார், பழங்குடிப் பிள்ளைகளுக்கு வீட்டு மொழியே வேறு. இவர்களை விலக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வீட்டு மொழி என்ன, எந்த வகுப்பிலிருந்து தமிழ் வழி, தினமும் தமிழில் எவ்வளவு படிக்கிறார் என்று ஒரு பக்கக் கேள்வித்தாள் வைத்து, யார் எந்தக் குழு என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்.

5. எதை அளப்பது? நேரம் எடுத்து யோசிக்க வேண்டிய இடம் இதுதான்

வாசிப்பு நேரம் மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கடைசி வாக்கியத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று பார்ப்பது இணைப்பு ஊகத்துக்கு ஓரளவு ஒத்துவரும். இணைக்க வேலை இருந்தால் நேரம் கூடும். ஆனால் கூடிய நேரம், ஊகம் நடந்து முடிந்ததைக் காட்டுமா, புரியாமல் திணறியதைக் காட்டுமா என்று அந்த எண்ணால் மட்டும் சொல்ல முடியாது. விரிவு ஊகத்துக்கோ இது உதவவே உதவாது, ஏனென்றால் அங்கே வாக்கியம் எதையும் கேட்பதில்லை, தாமதம் வர வேண்டிய காரணமே இல்லை.

சரி தவறு கேட்பது, சிங்கர் செய்தது. வித்தியாசம் பெரிதாக வரும், அதனால் குறைந்த ஆட்களே போதும், முதுகலை ஆய்வேட்டுக்கு வசதி. குறை என்னவென்றால் கேள்வியே ஊகத்தைத் தூண்டிவிடும். "தேயிலை கருகியது, சரியா தவறா" என்று கேட்ட பிறகு எவரும் திரும்பிப் போய் யோசிப்பார். அதனால் இங்கே பதில் "சரி" என்று வந்ததை வைத்து எதுவும் சொல்லக் கூடாது, நேரத்தை மட்டும்தான் பேச வேண்டும், அதுவும் நேரடி வடிவத்தோடு ஒப்பிட்டு. படித்து முடித்த பின் துப்புச் சொல் கொடுத்து நினைவிலிருந்து எழுதச் சொல்வது இதைவிட மோசம். கார்பெட்டும் டோஷரும் 1978இல் இதை அழகாக உடைத்துக் காட்டினார்கள். கதையில் பத்திரிகைச் செய்தியைப் பிளேடால் வெட்டியதாகவே எழுதியிருந்தாலும், "கத்தரிக்கோல்" என்ற துப்பு அந்த வாக்கியத்தை நினைவுபடுத்தியது. படிக்கும்போது யாரும் கத்தரிக்கோலை ஊகித்திருக்க முடியாது அல்லவா. துப்பு கிடைத்த பிறகு அதிலிருந்து பின்னோக்கிப் போய் வாக்கியத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

அடுத்தது கதை முடிந்தவுடன் திரையில் ஒரு சொல்லைக் காட்டுவது. இதில் இரண்டு வகை. ஒன்றில் அது தமிழ்ச் சொல்லா இல்லையா என்று பொத்தானை அழுத்த வேண்டும், மற்றொன்றில் அந்தச் சொல்லை உரக்க வாசிக்க வேண்டும். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். 1988இல் பாட்ஸ், கீனன், கோல்டிங் மூவரும் இரண்டையும் வைத்துப் பார்த்தார்கள். கோபத்தில் ஒருவன் பூச்சாடியைச் சுவரில் எறிகிறான், சோதனைச் சொல் "உடைந்தது". பொத்தான் அழுத்தும் சோதனையில் இணைப்பு வடிவம், விரிவு வடிவம் இரண்டிலும் வேகம் கூடியது. உரக்க வாசிக்கச் சொன்னபோது இணைப்பு வடிவத்தில் மட்டும் கூடியது. காரணம், ஆம் இல்லை என்று முடிவு செய்ய வேண்டிய சோதனையில், வந்த சொல் இப்போது படித்த கதையோடு பொருந்துகிறதா என்று மனம் ஒரு தரம் சரிபார்த்துவிடுகிறது. பொருந்தினால் "ஆம்" எளிதாகிறது. அந்த வேகம் சொல்லைப் பார்த்த பிறகு வந்தது, வாசிக்கும்போது வந்தது அல்ல. உரக்க வாசிப்பதில் எடுக்க வேண்டிய முடிவு எதுவும் இல்லாததால் இந்தச் சரிபார்ப்பு குறைவு.

ஆகவே உரக்க வாசிக்கும் சோதனையையே பரிந்துரைப்பேன், ஒரு எச்சரிக்கையோடு. தமிழ் எழுத்தைப் பார்த்தவுடன், பொருள் தெரியாமலே வாசித்துவிட முடியும், அதனால் கிடைக்கும் வித்தியாசம் சிறிதாகத்தான் இருக்கும். நான்கு வடிவத்துக்கும் சோதனைச் சொல் ஒன்றே என்பதால், "க"வில் தொடங்கும் சொல்லை மைக் கொஞ்சம் பிந்திப் பிடிக்கும் போன்ற தொல்லைகள் தாமே கழிந்துபோகும். சொல் மாறினால் இந்த நன்மை போய்விடும், மாற்றாதீர்கள்.

சொல்லை எப்போது காட்டுவது என்பதும் இதில் சேரும். டில், மிராஸ், கின்ச் 1988இல் பார்த்தபோது, சொல்லோடு நேரடியாக ஒட்டிய பொருள்கள் அரை செகண்டுக்குள் தெரிந்தன, மொத்தத்தில் எதைப் பற்றிப் பேச்சு என்று ஊகிப்பது ஒரு செகண்ட் அளவில்தான் தெரிந்தது. கடைசிச் சொல் மறைந்து கால் செகண்டிலேயே சோதனைச் சொல்லைக் காட்டிவிட்டு "ஊகமே இல்லை" என்று எழுதுவது அவசரம். மூன்று நான்கு செகண்ட் விட்டால் ஆள் வேலை மெனக்கெட்டு யோசிக்கத் தொடங்கிவிடுவார். ஒரு செகண்ட் பக்கத்தில் வையுங்கள்.

கண்ணசைவுக் கருவி இருந்தால் இந்தத் தலைவலி பலவும் இல்லை, ஆனால் அதன் விலை லட்சங்களில், மலையில் அதை வைத்திருக்கும் இடம் தேடிப் போவதற்குள் உங்கள் பருவம் முடிந்துவிடும்.

6. எத்தனை கதை, எத்தனை பேர்

ஒருவர் ஒரு கதையை ஒரு வடிவத்தில் மட்டுமே பார்க்க வேண்டும். அதனால் நான்கு பட்டியல். முதல் பட்டியலில் மல்லிகா கதை நேரடி, இரண்டாவதில் இணைப்பு, மூன்றாவதில் விரிவு, நான்காவதில் கட்டுப்பாடு என்று சுழற்றிக்கொண்டே போங்கள். நாற்பது கதை என்றால் ஒருவருக்கு ஒவ்வொரு வடிவத்திலும் பத்து.

நேரம் அளக்கும் சோதனைகளுக்கு ஒரு வடிவத்துக்கு 1600 பதிலாவது வேண்டும் என்று 2018இல் பிரைஸ்பார்ட், ஸ்டீவன்ஸ் இருவரும் சொன்ன கணக்கை வைத்தால், ஒருவர் பத்துத் தருகிறார், ஆகவே 160 பேர். மயக்கம் வருகிறதா? எனக்கும் வந்தது. அவ்வளவு பேர் கிடைக்காது என்றால் முப்பது பேரை வைத்து உரக்க வாசிக்கும் சோதனை நடத்தி "வித்தியாசம் இல்லை" என்று எழுதுவதைவிட, சரி தவறு சோதனைக்கு மாறி அதன் குறையை ஒப்புக்கொண்டு எழுதுவது நேர்மை.

இடையிடையே சோதனைக்குச் சம்பந்தமில்லாத கதைகள் குறைந்தது இன்னொரு நாற்பது கலக்க வேண்டும், அவற்றில் சோதனைச் சொல் கதையோடு தொடர்பே இல்லாததாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பத்தாவது கதையிலேயே "ஓ, நடந்ததை ஊகிக்கச் சொல்கிறார்கள்" என்று ஆள் பிடித்துவிடுவார். சில கதைக்குப் பின் எளிய கேள்வி ஒன்று கேளுங்கள், படிக்காமல் தட்டிக்கொண்டே போகிறவர் அதில் தெரிந்துவிடுவார். அந்தக் கேள்வி ஊகத்தைத் தொடக் கூடாது. "மல்லிகா கடைக்குப் போனாளா" சரி, "ஏன் மனு எழுதினாள்" கூடாது.

7. கணினியில்

சோதனையைத் திரையில் ஓட்டி நேரம் அளக்கும் மென்பொருள்களில் சைக்கோபை, jsPsych இரண்டும் இலவசம். நான் jsPsych பக்கம். அது உலாவியில் ஓடுவதால் "கொ", "கௌ", "க்ஷ" எல்லாம் ஒழுங்காக ஒட்டி வரும். வேறு எதில் செய்தாலும் முதல் நாளே "கொழுந்து", "மேடு", "பௌர்ணமி" மூன்றையும் திரையில் போட்டுப் பாருங்கள், கொம்பு தனியாகப் பிரிந்து நின்றால் வாக்கியத்தைப் படமாக மாற்றிப் போடுவதே சுலபம். எல்லா மடிக்கணினியிலும் ஒரே எழுத்துருவை நிறுவுங்கள். இணையத்தை நம்பாமல் கோப்புகளைக் கணினியிலேயே வைத்து ஓட்டுங்கள், மழை நாளில் சிக்னலும் இருக்காது, கரண்டும் இருக்காது.

தகரக் கூரை வகுப்பறையில் மழை பெய்தால் மைக் பதிவை மறந்துவிடுங்கள். கூடலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குன்னூர் கோத்தகிரி பக்கம் அக்டோபர் நவம்பரில் உரக்க வாசிக்கும் சோதனை வைக்காதீர்கள். ஏப்ரல் மே மாதங்களில் கல்லூரியே இருக்காது, பஸ்ஸில் இடமும் கிடைக்காது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் முதல் பாதி, இதுதான் தோதான காலம்.

8. காகிதங்கள், செலவு

நெறிமுறைக் குழு விண்ணப்பத்தைக் கதை எழுதத் தொடங்கிய வாரமே தயார் செய்யுங்கள். பல இடங்களில் குழு மாதக்கணக்கில் ஒரு தடவைதான் கூடும், ஒரு கையெழுத்து விட்டுப்போனால் அடுத்த கூட்டம்தான். ஆய்வுச் சுருக்கம், தமிழில் தகவல் தாள், ஒப்புதல் படிவம், மொழிக் கேள்வித்தாள், எல்லாக் கதைகளும், வழிகாட்டியின் கடிதம், சோதனை நடக்கும் கல்லூரி முதல்வரின் அனுமதி, இவ்வளவும் ஒரே கோப்பில் போக வேண்டும். கதைகள் இன்னும் முடியவில்லை என்று இரண்டை மட்டும் வைத்து அனுப்பினால் திரும்பி வரும்.

தகவல் தாளில் "ஊகம்" என்ற சொல்லையே எழுதாதீர்கள். "சிறு கதைகளை வாசிக்கும் வேகம் பற்றிய ஆய்வு" என்பது பொய்யும் இல்லை, குட்டை உடைக்கவும் இல்லை. முடிந்த பிறகு முழு விவரம் சொல்லும் தாளைத் தனியாகக் கொடுங்கள், அதையும் குழுவுக்கு முன்பே காட்டிவிடுங்கள்.

18 வயதுக்குக் கீழ் என்றால் வேலை இரட்டிப்பாகும். 2017ஆம் ஆண்டின் ஐசிஎம்ஆர் வழிகாட்டுதல்படி பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும்: 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாக, அதற்கு மேல் எழுத்தில். அரசுப் பள்ளிக்கு முதன்மைக் கல்வி அலுவலர் அனுமதி வாங்கிக்கொண்டு தலைமையாசிரியரைப் பாருங்கள். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் பழங்குடியினர் நலத்துறையின் கீழ் வருபவை, கல்வித்துறைக் கடிதத்தோடு அங்கே போனால் திருப்பி அனுப்புவார்கள், அதுவும் நியாயம்தான். தேயிலை தோட்டத்தில் வேலை பார்க்கும் பெற்றோரிடம் கையெழுத்து வாங்க ஞாயிற்றுக்கிழமைதான் தோது. முதல் ஆய்வு என்றால் கல்லூரி மாணவர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செலவில் பெரியது ஆட்களுக்குக் கொடுப்பது. ஒருவருக்கு 100 ரூபாய் என்று வைத்தாலே 160 பேருக்கு 16,000. டீ, பன், நகல் செலவு, ஒரு சுமாரான மைக் எல்லாம் அதற்கு மேல். மென்பொருளுக்குச் செலவில்லை. பணமாகக் கொடுத்தால் கையெழுத்துப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள், நிதி தந்தவர்கள் கேட்பார்கள்.

9. எண்கள் வந்த பிறகு

மைக் தவறாகப் பிடித்தவை, தடுமாறி வாசித்தவை, எந்த அளவுக்கு வேகமான அல்லது மெதுவான பதில்களை நீக்குவது என்பதை முன்பே எழுதி வைத்த விதிப்படி நீக்கிவிட்டு, R மென்பொருளில் இப்படி ஓட்டலாம்:

```r
library(lme4)
d$version <- relevel(factor(d$version), ref = "control")
m <- lmer(log(rt) ~ version + (1 + version | subject) + (1 + version | item), data = d)
```

ஆளுக்கு ஆள், கதைக்குக் கதை உள்ள வேறுபாட்டை இரண்டையும் சேர்த்தே கழிக்கத்தான் அந்தக் கடைசி இரண்டு அடைப்புக்குறிகள். இந்தப் புள்ளியியல் மாதிரி பொருந்தாமல் அடம்பிடித்தால் அதற்குள் இருக்கும் பகுதிகளை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், எதைக் குறைத்தீர்கள் என்று எழுதுங்கள்.

படிப்பது எப்படி? கற்பனையாக வைத்துக்கொள்வோம், கட்டுப்பாடு 620 மில்லிசெகண்ட், நேரடி 575, இணைப்பு 580, விரிவு 617. இணைப்பு வடிவம் நேரடி வடிவத்தின் பக்கம் நிற்கிறது, விரிவு வடிவம் கட்டுப்பாட்டின் பக்கம் நிற்கிறது. கருகியது என்பதை மனு வாக்கியம் கேட்டபோது நிரப்பியிருக்கிறார்கள், கம்பளி வாக்கியத்தில் நிரப்பவில்லை என்று சொல்லலாம். ஆனால் விரிவும் கட்டுப்பாடும் "வேறுபடவில்லை" என்பதிலிருந்து "விரிவு ஊகம் நடக்கவே நடக்காது" என்று தாவக் கூடாது. கதை ஒரே பக்கமாக வலுவாக இழுத்தால் விரிவு ஊகமும் அந்த நொடியிலேயே நடக்கும் என்று ஓப்ரையனும் மற்றவர்களும் 1988இல் கண்ணசைவை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். குத்தியது ஆயுதத்தால் என்று மட்டும் எழுதியிருந்தும், சூழல் பலமாக இருந்த கதைகளில் பின்னால் "கத்தி" என்ற சொல் வந்தபோது கண் அங்கே கூடுதலாகத் தங்கவில்லை.

விரிவு 598 என்று நடுவில் வந்து நின்றால்தான் சிக்கல். பாதிப் பேர் முழுதாக ஊகித்தார்களா, எல்லோரும் அரைகுறையாக ஊகித்தார்களா? சராசரி இதைச் சொல்லாது. மெக்கூனும் ராட்கிளிஃபும் மாடியிலிருந்து விழுந்த நடிகை விஷயத்தில் இரண்டாவதை நோக்கித்தான் போனார்கள்: வாசித்தவர் மனத்தில் "இறந்தாள்" என்று திட்டமாக இல்லை, ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்ற அளவில் இருந்தது. நம் கதையிலும் "தேயிலைக்கு ஏதோ ஆச்சு" என்ற அளவில் நின்றிருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்க "கருகியது" என்பதோடு "நாசம்" போன்ற பொதுச் சொல்லை இன்னொரு குழுவிடம் காட்டலாம். பொதுச் சொல்லில் வேகம் கூடி, குறிப்பான சொல்லில் கூடாவிட்டால் அரைகுறை ஊகம் என்ற பக்கம் சாயலாம். முன்சோதனையில் எத்தனை சதவீதம் பேர் அந்த ஊகத்தை எழுதினார்கள் என்ற எண் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதைக் கதைவாரியாக இந்தப் புள்ளியியல் மாதிரிக்குள் சேர்த்தும் பாருங்கள். அந்த எண் ஏற ஏற விரிவு வடிவம் நேரடி வடிவத்தை நெருங்குகிறதா என்பது தெரியும். அப்படி நெருங்கினால், எந்தெந்தக் கதைகளில் என்று பட்டியல் போட்டு ஆய்வேட்டின் பின்னிணைப்பில் கதைகளோடு சேர்த்தே வையுங்கள், தேர்வாளர் முதலில் கேட்பது அதைத்தான்.